"ரூம்ல வச்ச தோடு காணோம்": விருந்தினருக்கு என்ன பதில் எழுதுவது?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக நடத்தும் இடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிசப்ஷனில் உட்காருகிறவருக்கு முகூர்த்த சீசனில் இப்படி ஒரு செய்தி வராமல் போகாது. வந்தவுடன் என்ன எழுதுவது, எதை எழுதக்கூடாது, எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் விஷயம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த குடும்பம், வளவை ஒட்டிய அறையில் இரண்டு இரவு தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை 10.30க்குக் காலி செய்து காரில் கிளம்பிவிட்டது. மாலை 6.40க்கு வாட்ஸ்அப் வருகிறது: "என் ஏழுகல் வைரத்தோடு ஒரு ஜோடி ரூம்ல வச்சது காணோம். நேத்து ராத்திரி கழட்டி வச்சேன். உங்க ஆளுங்க ரூமுக்குள்ள வந்துட்டுப் போனாங்க. உடனே பதில் சொல்லுங்க."

புதிதாக வந்தவர் கை தானாகவே இரண்டில் ஒன்றைத்தான் டைப் செய்யும். ஒன்று: "ஆச்சி, எங்க ஆளுங்க வருஷக்கணக்கா இருக்காங்க, அப்படிப்பட்டவங்க இல்ல, நீங்க பெட்டியில நல்லா தேடிப் பாருங்க." இதைப் படிக்கிறவருக்கு, பொய் சொல்கிறாய் அல்லது கவனமில்லாதவள் என்று சொன்னதாகத்தான் கேட்கும். இன்னொன்று: "ரொம்ப சாரி ஆச்சி, யாரு எடுத்தாங்கன்னு விசாரிச்சு வாங்கித் தர்றோம்." இதில் திருட்டு நடந்தது, எடுத்தது நம் ஆள், திருப்பித் தருவது நம் பொறுப்பு என்று மூன்றையும் ஒரே வரியில் எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று, அதுவும் அறைக்குள் ஒரு தடவை கூட எட்டிப் பார்க்காமல். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, மேனேஜர் வரட்டும் என்று நீல டிக்கோடு சும்மா இருப்பது. அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே குடும்பமே கூடி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

முதல் பதில்: கால் மணி நேரத்துக்குள்

முதல் பதிலில் கருத்து எதுவும் வேண்டாம். அவர் சொன்னது நமக்கு வந்து சேர்ந்தது, இப்போது நாம் செய்துகொண்டிருப்பது இது, அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். அவ்வளவுதான். இப்படி:

"வணக்கம் ஆச்சி. உங்கள் ஏழுகல் தோடு ஒரு ஜோடியைக் காணவில்லை என்று நீங்கள் 6.40க்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நீங்கள் தங்கிய அறையை இப்போதே பூட்டி வைக்கிறோம், யாருக்கும் கொடுக்கவில்லை. அங்கிருந்து எடுத்த துணி, குப்பை இரண்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் உங்களைக் கூப்பிடுகிறேன், சில விவரம் கேட்க வேண்டும். தேடிப் பார்த்துவிட்டு இன்று இரவு 9 மணிக்கு என்ன பார்த்தோம் என்று எழுதுகிறேன்."

இதில் 'திருட்டு' என்றும் இல்லை, 'தொலைத்துவிட்டீர்கள்' என்றும் இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே திருப்பி எழுதியிருக்கிறோம். "கவலைப்படாதீங்க, கிடைச்சிடும்" என்றும் எழுதவில்லை, ஏனென்றால் கிடைக்குமா என்று நமக்குத் தெரியாது. நேரம் குறிப்பிட்டால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஒன்பது மணிக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் "இதுவரை இவ்வளவு பார்த்தோம், இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள்.

ஆச்சியா, அம்மாவா, மேடமா என்பதில் குழப்பம் வந்தால், அவர் அறை எடுக்க வந்த நாளில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே தொடருங்கள். இரண்டு நாள் "ஆச்சி, ஆச்சி" என்று சொல்லிவிட்டு, புகார் வந்ததும் திடீரென்று "மதிப்பிற்குரிய விருந்தினருக்கு" என்று ஆரம்பித்தால் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

எழுதியது உண்மையாக இருக்க வேண்டும்: குப்பை, துணி, அறை

குப்பையை நிறுத்தச் சொன்னேன் என்று எழுதிவிட்டு நிறுத்தாமல் இருந்தால் எல்லாம் வீண். அதனால் செய்தியை அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இரண்டு போன் பேசினால் முடிகிற வேலைதான். இரவில் தோட்டைக் கழற்றுகிறவர்களில் பலர் அதை டிஷ்யூ பேப்பரில் மடித்துத் தலைமாட்டில் வைப்பார்கள். காலையில் அறையைச் சுத்தம் செய்கிறவர் கண்ணுக்கு அது கசங்கிய டிஷ்யூ, கூடைக்குப் போய்விடும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மறுநாள் காலை தூய்மைப் பணியாளர் வண்டி வந்துவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் சலவைக்குப் போயிருந்தால் சலவைக்காரரிடம் மூட்டையைப் பிரிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், நனைத்துவிட்டார் என்றால் எந்தத் தொட்டி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறையில் அடுத்த ஆளை வைத்துவிட்டிருந்தால்? அதையும் மறைக்கக் கூடாது. "பிற்பகல் 2 மணிக்கு வேறொரு குடும்பம் அந்த அறைக்கு வந்துவிட்டது, அவர்களிடம் கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே பார்க்கிறோம்" என்று எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் மற்ற எல்லாமே பொய்யாகத் தெரியும்.

போனில் கேட்க வேண்டியது

கேள்வி கேட்பதற்கு முன் எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்: "எங்கே முதலில் தேடணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன் ஆச்சி." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்து வரும் எல்லாக் கேள்வியும் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும்.

கடைசியாகக் காதில் இருந்தது எப்போது, கழற்றி எதில் வைத்தார்கள் (டிஷ்யூவா, கைக்குட்டையா, சின்னப் பர்ஸா, வெறுமனே மேசை மேலா), திருகாணியும் சேர்த்தா, காலையில் அறையைப் பூட்டியது யார், சாவி எங்கே இருந்தது, கல்யாண வீட்டுக்குப் போனபோது அறையில் யாராவது இருந்தார்களா, தோடு தெரிகிற மாதிரி கல்யாணப் படம் ஏதாவது இருக்கிறதா. படம் இரண்டு விதத்தில் உதவும், தேடுகிறவருக்கு அடையாளம் தெரியும், கடைசியாகப் போட்டிருந்த நேரமும் போனிலேயே பதிந்திருக்கும்.

"யார் மேல சந்தேகம்?" என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். கேட்டால் ஒரு பெயர் வரும், வந்த பிறகு அது திரும்பிப் போகாது. அவராகவே "அந்த ரூம் பாய் தம்பி பார்வையே சரியில்ல" என்றால், ஆமாம் போடாமலும் மறுக்காமலும், "சரிங்க ஆச்சி, நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன். அன்னைக்கு ரூமுக்குள்ள யார் யார் எப்பப் போனாங்கன்னு எல்லாரையும்தான் பார்க்கப் போறோம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு என்றும் முதல் போனில் கேட்க வேண்டாம், பேச்சு உடனே பணத்துக்குப் போய்விடும். முடிவில் அவர் சொன்னதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், தவறு இருந்தால் அவரே திருத்துவார். பிறகு கதை மாறுகிறது என்று நீங்களோ அவரோ சண்டை போட வேண்டியிருக்காது.

நம் உதாரணத்தில் கிடைத்த விவரம் இது: ஞாயிறு இரவு 10 மணி படத்தில் காதில் தோடு இருக்கிறது. கைக்குட்டையில் முடிந்து, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பழைய மர அலமாரியின் மேல் இழுப்பறையில் வைத்ததாக ஞாபகம். காலையில் மூட்டை கட்டியது மகள்.

தேடுவது

இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் அன்று அந்த அறையைச் சுத்தம் செய்யாதவராக இருக்கட்டும். தேடுவதற்கு முன்பே அறையை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் வீடுகளுக்கென்று சில இடங்கள் உண்டு. ஆத்தங்குடி கல் தரையில் பூவும் கோடுமாக இருப்பதால் ஒரு திருகாணி விழுந்தால் நின்றுகொண்டு பார்க்கிற கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் சின்னப் பொருளுக்கும் நிழல் நீளமாக விழும். பழைய தேக்கு அலமாரியில் இழுப்பறை மேலே நிரம்பியிருந்தால் இழுக்கும்போது பொருள் பின்பக்கமாகத் தாண்டி விழும், இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துப் பின்னால் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பலர் திறந்து பார்த்துவிட்டு "இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். குளியலறையில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கிற கிண்ணம் போன்ற பகுதியைத் திருகிக் கழற்றினால் கீழே போன சின்னப் பொருள் அங்கேயே கிடக்கும், ஒரு வாளியை வைத்துக்கொண்டு திறங்கள். தலையணை உறையை உதறாமல் உட்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். அறையில் லாக்கர் இருந்தால் அதையும் திறந்து படம் எடுங்கள்.

எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கடிதமே இந்தத் தாளிலிருந்துதான் வரப்போகிறது.

சாவியும் கேமராவும்

கார்டு போட்டுத் திறக்கும் பூட்டாக இருந்தால் எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பதிவு பூட்டிலேயே இருக்கும், அதை எடுக்கத் தனிக் கருவி வேண்டும், பூட்டு விற்றவரையோ உங்கள் மெயின்டனன்ஸ் ஆளையோ கூப்பிடுங்கள். பூட்டின் கடிகாரம் சில நிமிடம் முன்னே பின்னே ஓடும் என்பதால் இப்போது ஒருமுறை திறந்து, அது காட்டும் நேரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஆனால் நம் பக்கம் பெரும்பாலும் இரட்டைக் கதவும் இரும்புச் சாவியும்தான். அப்போது இருப்பது சாவிப் புத்தகமும், அறை சுத்தம் செய்கிறவர் எழுதும் நேரக் குறிப்பும் மட்டுமே. அதில் விட்டுப்போனது இருந்தால் இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள். காலி இடம் காலியாகவே இருக்கட்டும். பின்னால் நிரப்பியது மையிலேயே தெரியும், நல்ல ஆளையும் சேர்த்துச் சந்தேகத்தில் மாட்டிவிடும்.

கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்து மேலே புதியது எழுதப்படும், அதனால் முதல் நாளே ஞாயிறு இரவு முதல் திங்கள் மாலை வரை தனியாக எடுத்து வையுங்கள். விருந்தினர் "வீடியோவை எனக்கு அனுப்புங்க" என்று கேட்பார். அதில் மற்ற விருந்தினர்கள், குழந்தைகள் எல்லாம் இருப்பார்கள். "பதிவை அழியாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டோம், போலீஸ் கேட்டால் அப்படியே கொடுப்போம்" என்று எழுதலாம்.

நம் ஆட்களிடம்

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, எப்போது உள்ளே போனார், என்ன செய்தார், அலமாரியைத் தொட்டாரா, தரையில் ஏதாவது பார்த்தாரா என்று கேட்டு அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அறைக்குள் போன எல்லோரையும், மேனேஜர் போயிருந்தால் அவரையும் சேர்த்து. விருந்தினர் கைகாட்டிய ஒருவரை மட்டும் கூப்பிட்டால் அதுவே தீர்ப்பு ஆகிவிடும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், கானாடுகாத்தான் மாதிரி ஊரில் அந்தத் தம்பி அப்புறம் எந்த வீட்டுக்கும் வேலைக்குப் போக முடியாது. பையைக் கொட்டச் சொல்வது, உடம்பைத் தடவிப் பார்ப்பது, போனைப் பிடுங்குவது, "உண்மையைச் சொல்லு, போலீஸ் கிட்ட போகாம முடிச்சிடலாம்" என்பது, சம்பளத்தில் பிடிப்பேன் என்பது, இதெல்லாம் நம் வேலை இல்லை. திருட்டு என்று விசாரிக்க அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு.

இரண்டாவது பதில்: பார்த்ததை எழுதுவது

ஒன்பது மணி ஆகிவிட்டது, தோடு கிடைக்கவில்லை. இப்போது எழுதுவது:

"ஆச்சி, இரவு 7.15 முதல் 8.40 வரை எங்கள் இருவர் சேர்ந்து அறையைப் பார்த்தோம். அலமாரியின் மூன்று இழுப்பறைகளையும் வெளியே எடுத்துப் பின்னாலும் பார்த்தோம், கட்டிலை நகர்த்தினோம், கைகழுவும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தோம். அறையிலிருந்து எடுத்த குப்பைப் பை இங்கேயேதான் இருந்தது, அதையும் பிரித்துப் பார்த்தோம். தோடும் கைக்குட்டையும் கிடைக்கவில்லை. விரிப்பும் உறையும் சலவைக்காரரிடம் இருக்கின்றன, நாளை காலை 8 மணிக்கு எங்கள் ஆள் போய்ப் பார்க்கிறார். நீங்கள் கிளம்பிய பிறகு 11.10 முதல் 11.50 வரை சுத்தம் செய்வதற்காக அறை திறந்திருந்தது, அதற்குப் பிறகு பூட்டியதாகக் குறிப்பு உள்ளது. கேமரா முகப்பிலும் மாடிப்படியிலும் இருக்கிறது, உங்கள் அறை வாசல் அதில் தெரியாது. இருக்கிற பதிவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம்."

அறை வாசலில் கேமரா இல்லை, நாற்பது நிமிடம் கதவு திறந்திருந்தது. இந்த இரண்டும் நமக்குச் சாதகமானவை அல்ல. ஆனாலும் எழுத வேண்டும். விருந்தினர் நம்புவது இந்த வரிகளால்தான், நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ளும் நல்ல வார்த்தைகளால் அல்ல.

அவர் பக்கம் தேடச் சொல்வது இப்போதுதான். 6.45க்குச் சொல்லியிருந்தால் தட்டிக்கழிப்பு. நாம் குப்பை வரை கொட்டிப் பார்த்த பிறகு சொன்னால் அது அடுத்த வேலை. "நாங்கள் இங்கே பார்க்க வேண்டிய இடங்களை முடித்துவிட்டோம். அவசரமாக மூட்டை கட்டும்போது கைக்குட்டையில் முடிந்த பொருள் அழுக்குத் துணிப் பையிலும், புடவை மடிப்பிலும், மருந்துப் பையிலும் போய்விடுவது உண்டு. காரின் சீட் இடுக்கையும் மகளின் பெட்டியையும் ஒருமுறை பார்த்துச் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்." இதில் 'நல்லா' என்ற வார்த்தையைச் சேர்க்காதீர்கள். "நல்லா பாருங்க" என்றால் இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

போலீஸ், பணம்

போலீசைப் பற்றி எழுதும்போது தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. "வேணும்னா போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துக்குங்க" என்பது சவால். "புகார் கொடுப்பது உங்கள் உரிமை, அதற்கு நாங்கள் தடையாக இருக்க மாட்டோம், கொடுத்தால் சாவிப் புத்தகம், கேமராப் பதிவு, நாங்கள் தேடிய குறிப்பு எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுப்போம்" என்பது தகவல். இதற்காகவே அவர் சென்னையிலிருந்து திரும்பி வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அங்கிருந்து இங்கே மாற்றுவார்கள். கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதோ எப்.ஐ.ஆர். நகலோ வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நகைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அவருக்கு அது தேவைப்படும்.

பணத்தைப் பற்றி ரிசப்ஷனில் இருக்கிறவர் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது, தருவோம் என்றும் தர மாட்டோம் என்றும். விடுதிக்குப் பொறுப்புக் காப்பீடு இருந்தால், அவர்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை அந்தப் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும், அதனால் முதலாளி அன்றே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். "இழப்பீடு பற்றி நான் முடிவு சொல்ல முடியாது, உங்கள் கேள்வியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் அவரே பேசுவார்" என்றால் போதும்.

அப்புறம் அந்தப் பலகை. "விலையுயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று முகப்பில் மாட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது விருந்தினரை எரிச்சலூட்டுவதற்குத்தான் உதவும். தில்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், சொந்தப் பொறுப்பில் நிறுத்துவது என்று சீட்டில் அச்சடித்துவிட்டதால் மட்டும் தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது. அங்கே கார் அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, இங்கே தோடு அறையில் விருந்தினரிடமே இருந்தது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பலகையை நம்பி அலட்சியமாகப் பதில் எழுத முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

முடிவுக் கடிதம்

மறுநாள் சலவைக்காரரிடமும் இல்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தைத்தான் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பார்த்ததைச் சுருக்கமாகத் திரும்ப எழுதி, "தோடு எப்படிக் காணாமல் போனது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் சொன்னதைச் சந்தேகிக்க எங்களிடம் காரணம் இல்லை, எங்கள் ஊழியர் யாரும் எடுத்தார் என்று சொல்லவும் காரணம் இல்லை. ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அறையில் பின்னால் கிடைத்தாலும் அன்றே கூப்பிடுகிறோம்" என்று முடியுங்கள். முடிவு தெரியாத விஷயத்தை முடிவு தெரியாதது என்றே எழுதலாம், அதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

கிடைத்துவிட்டால் வேலை சுலபம், ஆனால் அங்கேயும் வழுக்கும். நம்மிடம் கிடைத்தால் இருவர் முன்னிலையில் படம் எடுத்து, எங்கே கிடைத்தது என்று உள்ளபடி எழுதி, உறையிட்டுக் கையெழுத்துப் போட்டு, அவரோ அவர் சொல்லும் சொந்தக்காரரோ நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கும்படி செய்யுங்கள். அவர் வீட்டிலேயே மகளின் மருந்துப் பையில் கிடைத்தால், "கிடைத்தது கேட்டு மகிழ்ச்சி ஆச்சி, சொன்னதற்கு நன்றி, இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்" என்று எழுதினால் போதும். 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்ற வாடை எதிலும் வரக் கூடாது. அதே நேரம், விசாரித்த ஊழியர் ஒவ்வொருவரிடமும் போய்க் கிடைத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் அவர் கூகுள் ரிவ்யூவில் "இங்கே தங்காதீர்கள், நகையைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதிவிட்டால், பொதுவில் விளக்கம் கொடுக்காதீர்கள், கேமரா, சாவி, மகள் எதுவும் அங்கே வரக் கூடாது, அவர் பெயரும் அறை எண்ணும் கூட. "உங்கள் பொருளைக் காணவில்லை என்று தெரிவித்த அன்றே தேடி, பார்த்த விவரங்களை உங்களுக்கு எழுதியிருக்கிறோம். தொடர்ந்து நேரடியாகப் பேசிவருகிறோம், போலீஸ் விசாரணை இருந்தால் முழுமையாக ஒத்துழைப்போம்." மூன்றாவது வரி வேண்டாம், கீழே அவர் மறுபடி எழுதினாலும் அங்கே பதில் போடாமல் போனில் கூப்பிடுங்கள்.